நோம்பிக்கும் கபடிக்கும் பேனர் கட்டுவதற்கு முன்னால்

நோம்பி சீசன் வந்தால் போதும், பசங்க ரசீது புக்கோடு கடைக்கு வந்துவிடுவார்கள். "அண்ணா, 15,000 குடுத்தீங்கன்னா மெயின் பேனர்லயே உங்க கடை பேரு வருங்க" என்பார்கள். பெருந்துறைப் பக்கம் சொட்டுநீர் சாமான் கடை வைத்திருக்கும் நானும் போன வருசம் பக்கத்து ஊர் கபடிக்கு அப்படித்தான் கொடுத்தேன்.

சொந்த ஊர் மாரியம்மனுக்குக் கொடுப்பது வரி, அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர் கபடிக்குக் கொடுப்பது விளம்பரம். இரண்டையும் ஒரே மனசோடு கொடுப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது, வியாபாரத்தை வைத்துக் கணக்குப் போடுவது. என் கடையில் ஒரு பில் சராசரியாக 2,000 ரூபாய். கொடுத்த 15,000, அதோடு பத்துக்கு எட்டு ஃபிளெக்ஸ் சதுர அடி 15 ரூபாய் வீதம் 1,200, மொத்தம் 16,200. எட்டு, ஒன்பது பில் வந்தால் போட்ட காசு வந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் 2,000 ரூபாய் பில்லில் என் கையில் நிற்பது 300 ரூபாய்தானே, அப்படிப் பார்த்தால் 54 புது பில் வேண்டும். வந்தவர் வருசத்துக்கு மொத்தம் மூன்று தடவை வாங்குவார் என்று வைத்தாலும் 18 புது ஆட்கள் வர வேண்டும், அதுவும் ஏற்கெனவே நம்மிடம் வாங்குகிறவர்கள் இல்லாமல்.

கூட்டத்தைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. இரண்டு ராத்திரியும் ஆயிரம் ஆயிரம் பேர் என்றால் இரண்டாயிரம் பேர் ஆகிவிடாது, பாதிக்கு மேல் அதே ஆட்கள்தான். அதிலும் முக்கால்வாசி காலேஜ் பசங்க. செல்போன் கடைக்கு அது நல்ல கூட்டம், ஆனால் தோட்டத்துக்கு லேட்டரல் பைப் வாங்கும் முடிவு அவர்கள் கையில் இல்லை.

அப்புறம் இடம். ராத்திரி ஆட்டத்தில் ஃபோகஸ் லைட் எல்லாம் களத்தைப் பார்த்துத்தான் இருக்கும். என் ஃபிளெக்ஸை லைட் கம்பத்துக்குப் பின்னால் கட்டிவிட்டார்கள், எதிரில் நின்று பார்த்தால் வெளிச்சம் கண்ணில் அடித்ததே தவிர ஒரு எழுத்துத் தெரியவில்லை. மெயின் பேனரிலோ முப்பது பேருக்கு நடுவில் விரல் அகலத்துக்கு என் கடை பெயர். பணம் கொடுப்பதற்கு முன்பே இருட்டின பிறகு கிரவுண்டுக்குப் போய் எந்தக் கம்பம் என்று காட்டச் சொல்லுங்கள். அதே ஆட்டத்தில் ஒருவர் "அடுத்த சூப்பர் ரெய்டுக்கு 500 ரூபாய்" என்று மைக்கில் சொல்ல வைத்தார், அவர் கடை பெயரை மொத்தக் கிரவுண்டும் கேட்டது. மொத்தம் எவ்வளவு செலவு செய்தார் என்று விசாரித்தேன், 3,000 கூட ஆகவில்லை.

பலன் வந்ததா என்பதை ஞாபகத்தை வைத்துச் சொல்ல முடியாது, கேட்டால் மரியாதைக்காகவே "பேனர் பார்த்தேனுங்க" என்பார்கள். இன்னொரு சிம் வாங்கி அந்த நம்பரை பேனரில் மட்டும் போடுங்கள். நான் போட்ட நம்பருக்கு இரண்டு மாசத்தில் நாலு போன் வந்தது, அதில் ஒன்று அடுத்த வருசக் கபடிக்கு நன்கொடை கேட்டு.