நீலம் போடப் போட வேட்டி ஏன் மங்குகிறது? போர்வெல் தண்ணீரில் வெள்ளை துவைக்கும்போது நடக்கும் தவறுகள்

வெள்ளை மங்கியதும் வீட்டில் முதலில் கை போவது சொட்டு நீலத்தின் மீதுதான். அதற்கு முன் ஒரு நிமிடம் துணியைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பக்கத்தில் ஒரு புதுத் தாளை வைத்துப் பாருங்கள். துணி மஞ்சளித்திருக்கிறதா, சாம்பல் பூத்திருக்கிறதா? இரண்டும் வேறு வேறு கோளாறு. மஞ்சளுக்கு நீலம் கைகொடுக்கும். சாம்பலுக்குப் போட்டால் துணி இன்னும் இருண்டுபோகும்.

காரணம் எளிது. நீலம் அழுக்கை எடுப்பதில்லை, துணியில் ஒரு சாயமாக ஒட்டிக்கொள்கிறது. மஞ்சளித்த துணி தன்மேல் விழும் ஒளியில் நீலப் பகுதியை விழுங்கிவிடுகிறது. மேலே ஏறிய நீலம் மஞ்சள் பகுதியையும் கொஞ்சம் விழுங்குவதால் இரண்டும் சமமாகி, கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. உண்மையில் துணி முன்பைவிடக் குறைவான ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. சாம்பல் பூத்த துணியோ எல்லா நிற ஒளியையும் ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஏறும் ஒவ்வொரு சொட்டும் இருக்கிற ஒளியைக் குறைக்கும். நாலைந்து துவைப்பில் வேட்டி மேகம் கவிந்த நிறத்துக்கு வந்துவிடும்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது

போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. இவை சோப்போடு சேர்ந்ததும் தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்காக மாறும். வாளியின் ஓரத்தில் வெள்ளைத் திட்டாக ஒட்டுவதும், குளியலறைத் தரையில் வழுவழுவென்று படிவதும் அதுதான். துணி இழைக்குள் படியும் இந்தப் பிசுக்கு வெறும் வெள்ளைப் படிவாக மட்டும் இருந்தால் பெரிய கவலையில்லை. ஆனால் அது பசைபோல வேலை செய்கிறது. துணியிலிருந்து கழன்ற புழுதியையும் புகைக்கரியையும் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு துவைப்பிலும் ஒரு மெல்லிய அடுக்கு கூடுகிறது. துணி சாம்பலாவதோடு மொரமொரப்பாகவும் ஆகும்.

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நடுவில் 500 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 20 லிட்டர் வாளியில் 10 கிராம் அளவுக்குக் கடினம் இருக்கும். அதை மட்டும் தீர்க்கச் சுமார் 60 கிராம் சோப்பு போய்விடும். 150 கிராம் சோப்புக் கட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரு நூல் அழுக்கைக்கூடத் தொடாமல் பிசுக்காக மாறுகிறது. “நுரை வரவில்லை, இன்னும் கொஞ்சம் சோப்பு போடு” என்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. அந்தக் கூடுதல் சோப்பு முதலில் பிசுக்கைத்தான் கூட்டுகிறது.

பலர் கவனிக்காத இடம் அலசல். நன்றாக நுரை வந்த துணியிலும் இழைக்குள் சோப்பு தங்கியிருக்கும். அதைப் புதிதாகப் பிடித்த போர்வெல் தண்ணீரில் முக்கியதும், மிச்சச் சோப்பு இழைக்குள்ளேயே திரிந்துபோகிறது. அதனால் வெள்ளைக்குச் சோப்புக் கட்டியை விட்டுவிட்டு டிடர்ஜென்ட் பவுடருக்கோ லிக்விடுக்கோ மாறுவது நல்லது. டிடர்ஜென்டும் கடின நீரில் வலுவிழக்கும். என்றாலும் சோப்பைப்போல இவ்வளவு மோசமாகத் திரிவதில்லை.

நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கும் என்றால் அதைத் துவைக்கச் செலவழிக்காமல் முதல் அலசலுக்கு வையுங்கள். மழைநீர் இதற்கு அருமை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, அதில் சுண்ணாம்பு கிடையாது. ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வெள்ளைத் துணிக்குப் பயன்படுத்தவே கூடாது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது, குழாய்த் தண்ணீரைவிடவும் அது கடினமானது. வீணாக்க வேண்டாமே என்று அதில் துணி துவைக்கும் வீடுகள் நிறைய. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

சோடாவில் இரண்டு தவறுகள்

வண்ணார்கள் உவர்மண் கரைத்து வெள்ளாவி வைத்தபோது நடந்ததில் ஒரு பகுதி, கடின நீரை மென்மையாக்கும் வேலைதான். உவர்மண்ணில் இருப்பது சலவைச் சோடா. அது கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் பிரித்துத் தண்ணீரை மென்மையாக்கும். ஆப்பச்சோடா அதைச் செய்யாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஆப்பச்சோடாவைப் போட்டுவிட்டுப் பலனில்லை என்கிறவர்கள் உண்டு.

அடுத்த தவறு, துணி ஊறும் வாளியிலேயே சோடாவைத் தூவுவது. பிரியும் சுண்ணாம்புக்கு அங்கே துணியை விட்டால் போக்கிடம் இல்லை, இழையிலேயே படியும். மேலே சொன்ன 20 லிட்டர் வாளிக்கு 15 கிராம் சோடாத் தூள், அதாவது மூன்று டீஸ்பூன் போதும். கட்டியாகக் கிடைக்கும் சோடாவில் பெரும்பகுதி நீர் என்பதால் 40 கிராம் வேண்டும். முந்தின இரவே கலக்கி மூடி வையுங்கள். காலையில் அடியில் வெள்ளை வண்டல் தெரியும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் பவுடர் எதைச் செய்யும், எதைச் செய்யாது

ஆக்சிஜன் பூஸ்டர் என்று விற்கும் பவுடர்களில் வேலை செய்யும் பொருள் சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் அது இரண்டாகப் பிரிகிறது. எடையில் மூன்றில் ஒரு பங்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, மீதி சலவைச் சோடா. பெராக்சைடு வியர்வை, டீ, காபி, பழச்சாறு போன்றவற்றின் நிறத்தை உடைக்கிறது. காலரிலும் அக்குளிலும் மஞ்சளித்த சட்டைக்கு நீலத்தைவிட இதுவே சரியான தீர்வு. நீலம் மஞ்சளை மறைக்கிறது, இது மஞ்சளையே அழிக்கிறது.

சுண்ணாம்புப் படிவை இதனால் தொட முடியாது, ஆக்சிஜனால் உடைவதற்கு அதில் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, பவுடரில் இருக்கும் சோடா நேரடியாகப் போர்வெல் தண்ணீரில் விழுந்தால் மேலே சொன்னபடியே புதுச் சுண்ணாம்பைத் துணியில் இறக்கும். “விலை கொடுத்து வாங்கியும் துணி இன்னும் மொரமொரப்பானதுதான் மிச்சம்” என்பதற்குக் காரணம் இதுதான்.

பச்சைத் தண்ணீரில் போட்டு அரை மணியில் எடுத்துவிடுவதும் வீண். பெராக்சைடு சுறுசுறுப்பாக வேலை செய்ய 40 முதல் 60 டிகிரி சூடு வேண்டும். தெர்மாமீட்டர் தேவையில்லை: 3 லிட்டர் கொதிநீரை 7 லிட்டர் சாதாரணத் தண்ணீரில் கலந்தால் நம்மூர் வெயிலில் ஏறக்குறைய 50 டிகிரி வரும். கரைத்த பவுடரை மூடிய பாட்டிலில் மிச்சம் வைக்காதீர்கள். வாயு திரண்டு பாட்டில் வெடிக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது.

நான்கு சட்டைகளை மீட்கும் முறை

சாம்பல் பூத்த நான்கு பருத்திச் சட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் படிவைக் கரைக்க வேண்டும், அதற்கு அமிலம் தேவை. கை பொறுக்கும் சூட்டில் 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலத்தை, அதாவது கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பதை, கரைத்து 45 நிமிடம் ஊறவிடுங்கள். சுண்ணாம்பு கரையும், சோப்புப் பிசுக்கு இளகும். இரும்பு கலந்த தண்ணீரால் ஏறிய மஞ்சளும் ஓரளவு இறங்கும். பலன் இருக்குமா என்ற சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு சட்டையின் ஒரு கையை மட்டும் முக்கிப் பாருங்கள். அந்தக் கை மற்றதைவிடத் தெளிந்து, தொட்டால் மெத்தென்று இருந்தால் உங்கள் கோளாறு படிவுதான். மாற்றமே இல்லையென்றால் இழை தேய்ந்துபோயிருக்கலாம், அல்லது நீலமே அளவுக்கு மீறி ஏறியிருக்கலாம்.

ஒன்றை மறக்கவே கூடாது. அமிலம் இருக்கும் வாளிக்குள் பிளீச்சிங் பவுடரோ குளோரின் பிளீச்சோ ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். இரும்புத் தண்ணீர் வரும் வீட்டில் வெள்ளைக்குக் குளோரினே வேண்டாம். கரைந்திருக்கும் இரும்பை அது துருவாக்கித் துணியில் இறக்கிவிடும்.

அமிலத்தைத் துணியோடு காயவிடாமல் இரண்டு முறை நன்றாக அலசுங்கள். பிறகு தெளிய வைத்த தண்ணீரில் 10 லிட்டரை 50 டிகிரிக்குக் கொண்டுவந்து, வழக்கமான அளவு டிடர்ஜென்டோடு 30 கிராம் பெர்கார்பனேட் கரைத்து இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். மற்ற பொருள்கள் கலந்த பூஸ்டர் என்றால் பாக்கெட்டில் உள்ள அளவைப் பாருங்கள். இளகிய பிசுக்கு இந்தச் சூட்டிலும் டிடர்ஜென்டிலும்தான் வெளியேறும். கசக்கிப் பிழிந்த தண்ணீர் பழுப்பாக வந்தால் நல்ல அறிகுறி. பல மாதப் படிவு ஒரே சுற்றில் போகாது. ஒரு வாரம் விட்டு மறுபடி செய்யலாம்.

நீலம் கடைசியில், அதுவும் இன்னும் லேசான மஞ்சள் தெரிந்தால் மட்டும். சோப்பு முழுக்கப் போன ஈரத் துணிக்குத்தான் போட வேண்டும். சோப்பு மிச்சம் இருக்கும் இடத்தில் நீலம் திட்டாகப் பிடிக்கும். சொட்டுகளைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து, உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளிப் பாருங்கள், நீலம் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். பவுடர் நீலம் கரைவதில்லை, நுண்துகளாக மிதக்கிறது. அதனால் மெல்லிய துணியில் முடிந்து தண்ணீரில் பிழிந்து விடுங்கள். சட்டைகளை உதறி விரித்து முக்கி, புரட்டிக்கொண்டே இருந்து, ஓரிரு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். மடித்து ஊறப் போட்டால் மடிப்புக் கோடெல்லாம் நீலமாகும். பவுடர் நீலத்துக்குப் பிறகு எலுமிச்சையோ வினிகரோ சேர்த்த அலசல் வேண்டாம், அமிலம் அந்த நிறத்தைச் சிதைத்துவிடும். அதே குணம் தவறு நேரும்போது உதவும்: பவுடர் நீலம் திட்டாகிவிட்டால், காயும் முன்பே வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். சொட்டு நீலம் வேறு சாயம். அது திட்டானால் வெதுவெதுப்பான தண்ணீரில் டிடர்ஜென்டும் பெர்கார்பனேட்டும் போட்டு, ஒன்றிரண்டு முறை துவைத்துத்தான் இறக்க வேண்டும்.