அடைமழையில் ஆட்டுக்குச் சளியா, நிமோனியாவா?

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூக்கு ஒழுகும் ஆடெல்லாம் நிமோனியா ஆடு இல்லை. மூச்சை எண்ணினால் தெரிந்துவிடும். ஆடு நிழலில் அமைதியாக நிற்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வளர்ந்த ஆட்டுக்கு 15 முதல் 30 வரை இயல்பு. 40-ஐத் தாண்டி, ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டி, தீனியும் எடுக்கவில்லை என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கழுத்தை நீட்டி வாயால் மூச்சுவிடும் நிலைக்கு வந்துவிட்டால் நுரையீரல் பெரும்பகுதி கெட்டிருக்கும், ஊசி போட்டும் பிழைப்பது கடினம். ஊசியை அவர் சொன்ன நாள்வரை போடுங்கள். இரண்டாம் நாளே ஆடு மேயத் தொடங்கியதென்று நிறுத்தினால் நோய் திரும்பும். இருமும் ஆட்டுக்குக் கஷாயத்தை வாயில் ஊற்றவே கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

குளிருக்குப் பயந்து கொட்டகையைத் தார்ப்பாயால் முழுக்க மூடுவதுதான் பெரிய தவறு. மூத்திர நெடி உள்ளேயே தங்கி நுரையீரலைப் புண்ணாக்கும். ஆட்டின் உயரம்வரை சாக்குப் படுதா கட்டி, கூரைக்குக் கீழே ஒரு அடி திறந்து விடுங்கள். குட்டி படுக்கும் உயரத்தில் குனிந்து முகர்ந்து பாருங்கள்; கண் எரிந்தால் ஈரப் படுக்கையை அள்ளிவிட்டுக் காய்ந்த வைக்கோல் போடுங்கள்.