பிரிவுபசாரக் கேலிப்பாட்டு: பல்லவியில் சறுக்காதீர்கள்

டர்பனில் எங்கள் அலுவலகத்தில் யாராவது ஓய்வு பெற்றால், தெரிந்த சினிமா மெட்டில் ஒரு கேலிப்பாட்டு கட்டாயம் உண்டு. போன வாரம் இரண்டு இளைஞர்கள் தாங்கள் எழுதியதைக் காட்டினார்கள். பல்லவி முழுக்க, ஓய்வு பெறும் அக்காவின் மறதி. எனக்குப் பகீரென்றது. நானும் ஒருமுறை இப்படித்தான் எழுதினேன்.

பல்லவியில் குத்தல்

சரணத்தில் வரும் கேலி ஒருமுறை ஒலித்துப் போய்விடும். பல்லவி அப்படி இல்லை. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்ப வரும், கூட்டமே சேர்ந்து பாடும். நீங்கள் மெதுவாகச் சொன்னதை நாற்பது பேர் கைதட்டிக் கத்துவார்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் அண்ணா ஒருவர் காலையில் தாமதமாகத்தான் வருவார். மெட்டின் தத்தகாரம் 'தானன தானன தானானா'. நான் எழுதிய பல்லவி:

காலையில் காணலை அண்ணாவே

சந்தம் கச்சிதம். ஆனால் அவர் தினமும் மனைவியை மருத்துவமனையில் விட்டுவிட்டு, அனுமதி வாங்கித்தான் தாமதமாக வந்தார் என்பது எனக்குத் தெரியாது. அவர் மனைவி முன்வரிசையில் இருந்தார். மூன்றாவது முறை பல்லவி வந்தபோது தலை குனிந்துகொண்டார். அண்ணா மட்டும் சிரித்தபடி இருந்தார். மறுநாள் அண்ணா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை தம்பி" என்றார். அது இன்றும் உறுத்துகிறது, ஏனென்றால் சரியான வரி கையருகிலேயே இருந்தது. மதியம் குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவ் வாங்கும்போதெல்லாம், "பீன்ஸ்ல காரம் பத்தலை" என்று அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதே சந்தத்தில்:

பீன்சுல காரமும் போதாதே

இதை அவரே எங்களோடு சேர்ந்து பாடியிருப்பார். அதனால் இப்போது பல்லவிக்கு ஒரே சோதனை வைத்திருக்கிறேன்: இந்தக் கதையை அவர் தன் வாயால் சொல்லிச் சிரித்திருக்கிறாரா? நாமாகக் கவனித்த பழக்கம் என்றால் பல்லவிக்கு ஆகாது. அதற்குப் பின்னால் என்ன காரணம் இருக்கிறதோ, நமக்குத் தெரியாது. எழுதி முடித்ததும் அவருக்கு நெருங்கிய ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் சிரிப்பதற்கு முன் ஒரு நொடி யோசித்தால் வரியை எடுத்துவிடுங்கள். அக்காவின் மறதியையும் அப்படித்தான் எடுக்கச் சொன்னேன்.

பெயரை மெட்டில் திணிப்பது

'தானானா' விழும் இடத்தில் நீண்டு ஒலிக்கும் மூன்று அசை வேண்டும். அங்கே 'சுப்பிரமணியம்' என்று வைத்தால் பாடுபவர் மென்று விழுங்குவார், பெயரே கேலியாகிவிடும். 'அண்ணாவே' என்று விளித்தால் போதும்.

உடம்பு, சம்பளம், கிடைக்காத பதவி உயர்வு

தொடவே தொடாதீர்கள்.

நீளம்

ஒரு பல்லவி, இரண்டு சரணம்.

தமிழ் எழுத்தில் மட்டும் தாள் கொடுப்பது

எங்கள் அலுவலகத்தில் தமிழ் வாசிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜூலு பேசும் நண்பர்களும் சேர்ந்து பாட வேண்டும் அல்லவா? பல்லவியை ஆங்கில எழுத்தில், கீழே பொருளோடு அச்சடித்துக் கொடுங்கள். பொருள் தெரியாமல் எதையும் அவர்களைப் பாட வைக்காதீர்கள்.