வாசிப்புப் பதிவுத் தாளில் ழகரம் செய்த வேலை

மஞ்சக்குப்பத்தில் என் அக்கா மகளுக்கு ஏழு வயது. அவள் உரக்கப் படிப்பதைக் கேட்டு, தவறும் இடங்களைக் குறிக்கும் வாசிப்புப் பதிவுத் தாள் போட்டு வருகிறேன். 100 சொல் பத்தியில் 14 தவறு, துல்லியம் 86. தொண்ணூறுக்குக் கீழே என்றால் அந்தப் பத்தி பிள்ளைக்குக் கடினம் என்று கணக்கு. ஆனால் கதையைக் கேட்டால் கோர்வையாகச் சொல்கிறாள்.

எளிய புத்தகம் கொடுத்தேன், எண் ஏறவில்லை. கண் பரிசோதனையிலும் குறை இல்லை.

அப்புறம் போனில் பதிந்ததைக் கேட்டு, அவள் சொன்னதை மேலேயும் அச்சில் உள்ளதைக் கீழேயும் எழுதினேன். ஆறு இடங்களில் 'பழம்' 'பளம்' ஆனது மாதிரியான மாற்றம்தான். புத்தகத்தை மூடி வாழைப்பழப் படத்தைக் காட்டினேன். "வாளப்பளம்" என்றாள். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். பேச்சிலும் அதே ஒலி வந்தால் அது உச்சரிப்பு, தவறாக எண்ணக்கூடாது. படத்துக்கு ழ சரியாக வந்து, அச்சில் மட்டும் மாறினால் தவறுதான்.

இன்னும் மூன்று இடங்களில் அவளே திருத்தியிருந்தாள். 'மாலை மேல் ஏறினான்' என்று படித்து, நின்று, 'மலை மேல்' என்று திரும்பப் படித்தாள். பொருள் பொருந்தவில்லை என்று அவளுக்கே பட்டிருக்கிறது. இது சுய திருத்தம், சுருக்கமாக 'சுதி' என்று குறித்துத் தனியே எண்ணவேண்டும்.

மீதி 5 தவறு, துல்லியம் 95. எட்டில் மூன்றை அவளே திருத்தியிருக்கிறாள், இது நல்ல விகிதம். சரளத்துக்குத் தனி வரி: இரண்டு நிமிடம், அதாவது நிமிடத்துக்கு 50 சொல். இப்போது குறில் நெடில் மட்டும் பழக்குகிறோம்.