திட்ட விலக்கம்: n-ஆ, n−1-ஆ என்று குழம்பும் இடங்கள்

முதலமடை, கொழிஞ்சாம்பாறை பக்கம் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளும் சரி, எல்லை தாண்டிப் பொள்ளாச்சியில் படிக்கிறவர்களும் சரி, பள்ளியில் திட்ட விலக்கத்தை n-ஆல் வகுத்தே பழகியிருப்பார்கள். கல்லூரிக்குப் போனதும் n−1 வந்து நிற்கும். அப்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

பலர் சொல்லும் குறுக்குவழி இது: எண்ணிக்கை 30-க்குக் குறைவாக இருந்தால் n−1, அதற்கு மேல் n. இது தவறு. எண்ணிக்கைக்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. எட்டே பேர் உள்ள வகுப்பில் அந்த எட்டுப் பேரின் மதிப்பெண் பரவலை மட்டும் கேட்டால், அந்த எட்டுப் பேரே முழுமைத் தொகுதி. n-ஆல் வகுக்க வேண்டும். ஒரு லோடு மாங்காயிலிருந்து 200 காயை எடுத்து எடை போட்டு, லோடு முழுவதையும் பற்றிச் சொல்லச் சொன்னால் அந்த 200-உம் கூறுதான், n−1. கையில் இருக்கும் எண்களைப் பற்றி மட்டும் கேட்கிறார்களா, இல்லை அவற்றை வைத்து வேறு பெரிய கூட்டத்தை ஊகிக்கச் சொல்கிறார்களா என்று கேள்வியின் கடைசி வரியில் பாருங்கள்.

லோடிலிருந்து கைக்கு வந்தபடி ஐந்து காய் எடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். எடை கிராமில் 230, 240, 250, 260, 270. சராசரி 250. விலக்கங்கள் −20, −10, 0, 10, 20. வர்க்கங்களின் கூடுதல் 1000. ஐந்து காயை மட்டும் பற்றிய கேள்வி என்றால் 1000/5 = 200, திட்ட விலக்கம் 14.14. லோடைப் பற்றிய மதிப்பீடு என்றால் 1000/4 = 250, திட்ட விலக்கம் 15.81.

ஏன் ஒன்றைக் குறைக்கிறோம்? லோடின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக இந்த ஐந்து காயின் சொந்தச் சராசரியிலிருந்து விலக்கம் எடுத்தோம். எந்த எண்களுக்கும் தங்கள் சொந்தச் சராசரியிலிருந்துதான் வர்க்கக் கூடுதல் மிகக் குறைவாக வரும். லோடின் சராசரி உண்மையில் 255 என்றால், அதே காய்களுக்குக் கூடுதல் 1125 ஆகியிருக்கும். நம் 1000 எப்போதும் கொஞ்சம் குறைவுபட்ட கணக்கு. n−1-ஆல் வகுப்பது அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. முழுமைத் தொகுதியின் சராசரியைக் கேள்வியிலேயே கொடுத்து, அதிலிருந்து விலக்கம் எடுத்தால் ஈடுகட்ட எதுவும் இல்லை. அப்போது கூறாக இருந்தாலும் n-ஆல்தான் வகுக்க வேண்டும்.

இனி, மதிப்பெண்ணை அதிகம் தின்னும் தவறு. சுருக்கச் சூத்திரம் Σx²/n − x̄² எல்லோருக்கும் மனப்பாடம். கூறு என்று தெரிந்ததும் அதில் n இருக்கும் இடத்தில் n−1 போட்டுவிடுகிறார்கள். நம் மாங்காய்க்கு Σx² = 313500. நாலால் வகுத்தால் 78375, அதில் 250²-ஆன 62500-ஐக் கழித்தால் 15875, வர்க்கமூலம் 126! மிகச் சின்னக் காய்க்கும் பெரிய காய்க்கும் வித்தியாசமே 40 கிராம்தான், அப்புறம் திட்ட விலக்கம் எப்படி 126 ஆகும்? முதலில் கழிக்க வேண்டும், பிறகு வகுக்க வேண்டும்:

```
s² = (Σx² − n·x̄²) / (n − 1)
   = (313500 − 312500) / 4 = 250
```

விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. n-ஆல் வகுத்துக் கிடைக்கும் திட்ட விலக்கம் ஒருபோதும் வீச்சின் பாதியைத் தாண்டாது. இங்கே அது 20. n−1-ஆல் வகுத்தது அதைவிடச் சற்றே கூடலாம், அவ்வளவுதான்.

கால்குலேட்டரிலும் கவனம் வேண்டும். பழைய மாடல்களில் xσn, xσn−1 என்றும் புதியவற்றில் σx, sx என்றும் இருக்கும். எக்செலில் STDEV.P என்பது n, STDEV.S என்பது n−1. ஐந்து எண்ணைப் போட்டு 14.14 வருகிறதா, 15.81 வருகிறதா என்று பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

t சோதனையில் இன்னொரு பொறி இருக்கிறது. சில புத்தகங்கள் திட்டப் பிழையை s/√n என்று எழுதும், சில S/√(n−1) என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான், ஆனால் முதல் s, n−1-ஆல் வகுத்து வந்தது. இரண்டாவது S, n-ஆல் வகுத்தது. 15.81/√5-உம் 7.07, 14.14/√4-உம் 7.07. மாற்றிப் போட்டால் 15.81/√4 = 7.91 என்று திருத்தம் இரண்டு முறை நடந்துவிடும், 14.14/√5 = 6.32 என்றால் திருத்தமே நடக்கவில்லை. கேள்வியில் திட்ட விலக்கத்தை நேரடியாகக் கொடுத்திருந்தால், அது எதனால் வகுத்து வந்தது என்பதை உங்கள் புத்தகத்தின் வரையறையில் பார்த்த பிறகே சூத்திரத்தைத் தொடுங்கள்.