தாத்தா, பேத்தி, ஒரு தூண்: சிறுவர் கதை எழுதும் முறை

சிற்பி தாத்தா தன் பேத்திக்குக் கோயில் தூணைப் படிக்கக் கற்றுத் தருகிறார். இதைச் சிறுவர் கதையாக்க உட்காருபவர்கள் பலர் முதல் பக்கத்திலேயே சிக்கிக்கொள்கிறார்கள். தாத்தா நாகபந்தம், போதிகை என்று தூணின் உறுப்புகளை ஒப்பிக்கிறார், பேத்தி "அப்படியா தாத்தா" என்று தலையாட்டுகிறாள், வாசிக்கிற பிள்ளை எழுந்து போய்விடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டு, வேறு வழியில் போவோம்.

1. ஒரே ஒரு சிற்பத்தை எடுங்கள்

கல்தூணில் பெரும்பாலும் சதுரமான பகுதிகளும் எண்பட்டைப் பகுதிகளும் மாறி மாறி வரும். சதுரத்தின் முகங்களில்தான் உருவங்கள் இருக்கும். ஆனால் படக்கதை மாதிரி ஒரு முகத்தின் தொடர்ச்சி அடுத்த முகத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல தூண்களில் இந்தப் பக்கம் முருகன், அந்தப் பக்கம் ஒரு நடனப்பெண், அவ்வளவுதான். சிற்பி பெரிய கதையிலிருந்து ஒரு நொடியை மட்டும் செதுக்கியிருப்பார். அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தேடுவதுதான் தூணைப் படிப்பது, உங்கள் கதையும் அந்தத் தேடல்தான்.

நான் கண்ணப்பரை எடுப்பேன். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் ரிஷபகுஞ்சரமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் அது புதிர். விடை தெரிந்ததும் முடிந்துவிடும்.

2. இடத்துக்கு ஒரு காரணம் வேண்டும்

இங்கே மலேசியாவில் நம் கோயில்களில் நாம் பார்க்கும் உருவங்களில் நிறைய சிமெண்டில் செய்து வண்ணம் பூசியவை. அதனால் கல் செதுக்கும் தாத்தா கோலாலம்பூரில் என்ன செய்கிறார் என்று சொல்லிவிடுங்கள். குடமுழுக்குக்கு முந்தைய திருப்பணிக்காக மாமல்லபுரத்திலிருந்து வந்திருக்கிறார், மகள் செந்தூலில் குடும்பமாக இருக்கிறாள், பேத்தி கயல் பள்ளி விடுமுறையில் காலையில் பசியாறிவிட்டு அவரோடு கிளம்பி வருகிறாள். இரண்டு வரி போதும்.

3. பேத்தி தப்பாகப் படிக்கட்டும்

கதையின் உயிர் இங்கேதான். கண்ணப்பர் சிற்பத்தில் வேடன் ஒருவன் சிவலிங்கத்தின் மேல் காலைத் தூக்கி வைத்திருப்பான், கையிலிருக்கும் அம்பு அவன் கண்ணையே குறிவைத்திருக்கும். கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? பெரிய குற்றமாகத்தான் தெரியும். அதை அவள் வாயாலேயே சொல்ல வையுங்கள்:

> "தாத்தா, இந்த ஆளு ரொம்ப மோசம். சாமி மேல கால் வைக்கிறான்!"
> "சரி. கால பாத்துட்ட. கை எங்க இருக்கு?"
> "அம்பு வெச்சிருக்கான்."
> "யாரக் குத்தப் போறான்?"
> கயல் தூணுக்குக் கிட்டே போனாள். அம்பின் நுனியைத் தொட்டு, விரலை அப்படியே மேலே நகர்த்தினாள். விரல் அந்த வேடனின் கண்ணில் போய் நின்றது.
> "தாத்தா... அவனையேவா?"

தாத்தா எதையும் விளக்கவில்லை பாருங்கள். கால், கை, ஆயுதம், அது யாரை நோக்கி இருக்கிறது என்ற வரிசையில் கேட்கிறார். எந்தத் தூணிலும் இதே வரிசையில் பார்க்கலாம். வேல் இருந்தால் முருகன், சங்கும் சக்கரமும் இருந்தால் பெருமாள், மானும் மழுவும் இருந்தால் சிவன்.

4. இனி, முன்கதை

இப்போது தாத்தா பேசலாம், ஏனென்றால் பேத்தியே கேட்டுவிட்டாள். பெரியபுராணத்தில் வருகிறபடி, திண்ணன் என்ற வேடன் காளத்தியில் லிங்கத்தின் ஒரு கண்ணிலிருந்து ரத்தம் வழிவதைப் பார்க்கிறான். பச்சிலை வைத்தும் நிற்கவில்லை. தன் கண்ணை அம்பால் எடுத்து அப்புகிறான், நின்றுவிடுகிறது. உடனே மறு கண்ணில் ரத்தம். இருக்கிற கண்ணையும் எடுத்துவிட்டால் எந்த இடத்தில் அப்புவது என்று தெரியாதே, அதனால் காலால் அடையாளம் வைத்துக்கொள்கிறான். "நில்லு கண்ணப்ப" என்று சிவன் தடுக்கிறார்.

கண்ணை எடுக்கும் இடம் சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்துமா? அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, காலை ஏன் வைத்தான் என்பதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கயலின் கேள்வி அதுதானே.

5. சத்தமாக வாசித்துப் பாருங்கள்

ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசியுங்கள். கயல் விரலை நகர்த்தும் இடம் வருவதற்கு முன்பே நெளிய ஆரம்பித்தால், முன்பகுதி நீளம், வெட்டுங்கள். "கால ஏன் வெச்சான்?" என்று கதை முடிந்த பிறகும் கேட்டால் நான்காம் படியில் அந்தக் காரணம் தெளிவாக விழவில்லை, அந்த வரியை மட்டும் திருத்துங்கள். கடைசியில் தாத்தா பக்தியைப் பற்றி உபதேசம் செய்ய வாயைத் திறந்தால் அந்தப் பத்தியை அப்படியே எடுத்துவிடுங்கள். கயல் தூணின் அடுத்த பக்கத்துக்குப் போய், "இவ கையில என்ன தாத்தா?" என்று கேட்பதோடு கதையை நிறுத்தலாம்.