டபுள் எலிமினேஷன் தொடரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் கல்லூரி விழாவுக்காகவோ கேமிங் சென்டர் விளம்பரத்துக்காகவோ இ-ஸ்போர்ட்ஸ் தொடர் நடத்துகிறவர்கள், போஸ்டரில் 'டபுள் எலிமினேஷன்' என்று போட விரும்புகிறார்கள். வீரர்களுக்கும் அது பிடிக்கும். நெய்வேலியிலிருந்து பஸ் பிடித்து வரும் அணி ஒரே ஆட்டத்தில் தோற்று 11 மணிக்கே வீடு திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைகள் நேரத்திலும் விதியிலும் எவ்வளவு கேட்கின்றன என்பதைக் கணக்குப் போடாமல் அறிவித்துவிடுவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

சிங்கிள் எலிமினேஷன் என்பது கபடித் தொடர்களில் நாம் பார்த்துப் பழகிய நாக் அவுட்தான். தோற்றால் வெளியே. டபுள் எலிமினேஷனில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. எல்லா அணிகளும் அப்பர் பிராக்கெட்டில் தொடங்கும். அங்கே தோற்பவர்கள் லோயர் பிராக்கெட்டுக்கு இறங்குவார்கள். லோயரில் தோற்றால் கதை முடிந்தது. இரண்டு பிராக்கெட்டிலும் கடைசியாக நிற்பவர்கள் மாபெரும் இறுதி ஆட்டத்தில் மோதுவார்கள்.

ஆட்ட எண்ணிக்கையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 8 அணிகள் என்றால் சாம்பியனைத் தவிர மற்ற 7 அணிகளும் வெளியேற வேண்டும். ஒரு தோல்வியில் வெளியேற்றினால் 7 ஆட்டம். இரண்டு தோல்வி தேவைப்பட்டால் 14 ஆட்டம். சாம்பியனும் வழியில் ஒரு முறை தோற்றிருந்தால் 15.

ஆட்டத்தை எண்ணி நேரம் குறிப்பது

லாஸ்பேட்டையில் 20 கணினிகள் உள்ள ஒரு கேமிங் சென்டரில், ஞாயிறு காலை 10 மணிக்கு 8 அணிகளுடன் வேலரண்ட் தொடர் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அணிக்கு 5 பேர், ஓர் ஆட்டத்துக்கு 10 கணினி. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்கள் நடக்கும். ஒரு மேப் ஆடி முடிக்கும் நேரம், மேப் தேர்வு, லாபியில் அனைவரும் சேரும் தாமதம் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இங்கேதான் அமைப்பாளர் சறுக்குகிறார். 14 ஆட்டம், ஒரே நேரத்தில் இரண்டு, ஆக 7 மணி நேரம், மாலை 5 மணிக்குப் பரிசளிப்பு என்று சிறப்பு விருந்தினரையும் அழைத்துவிடுகிறார்.

டபுள் எலிமினேஷனில் ஓர் ஆட்டம் இன்னொன்றின் முடிவுக்குக் காத்திருக்கிறது. முதல் சுற்றின் 4 ஆட்டங்களுக்கு 12 மணி ஆகிவிடும். அப்பர் இரண்டாம் சுற்றுக்கு ஒரு மணி நேரம், லோயர் முதல் சுற்றுக்கு ஒரு மணி நேரம் போனால் மணி 2. அரை மணி நேரம் சாப்பாடு. லோயர் இரண்டாம் சுற்று 3.30 வரை. அப்பர் பிராக்கெட் இறுதியையும் லோயர் மூன்றாம் சுற்றையும் அருகருகே நடத்தினால் 4.30. இனி மிச்சம் இருப்பவை லோயர் இறுதியும் மாபெரும் இறுதியும். இவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். ஒரு வரிசைக் கணினிகள் சும்மா கிடக்கும். இந்த இரண்டையும் மூன்று மேப்பில் இரண்டை வெல்லும் முறையில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். இறுதி ஆட்டம் முடியும்போது இரவு 9.30. அப்பர் இறுதியையும் அதே முறைக்கு மாற்றினால் இன்னும் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். சிதம்பரத்திலிருந்து வந்த அணி அதற்குள் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கும்.

கூடுதல் கணினிகளை வாடகைக்கு எடுத்தாலும் முதல் பாதிதான் சுருங்கும். 8 அணி டபுள் எலிமினேஷனில் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் கட்டங்கள் ஆறு. எத்தனை கணினி வைத்தாலும் அது ஐந்தாகாது. 16 அணிக்கு அதுவே எட்டு. ஆகவே நேரம் குறிக்கும்போது எண்ண வேண்டியவை கட்டங்கள்.

இதே இடத்தில் சிங்கிள் எலிமினேஷன் நடத்தினால் முதல் சுற்று 12 மணிக்குள் முடியும். இரண்டு அரையிறுதிகளையும் மூன்று மேப் முறையில் ஒரே நேரத்தில் வைத்தால் 2.30. சாப்பாடு முடித்து 3 மணிக்கு இறுதி ஆட்டம் தொடங்கினால் 5.30க்குக் கோப்பை கொடுத்துவிடலாம். ஒரே நாள், இரண்டு ஆட்டங்களுக்கான கணினி என்றால் என் தேர்வு இதுதான். ஒரு மேப்பில் தோற்று மறுவாய்ப்பில் இன்னொரு மேப்பில் தோற்பதைவிட, ஒரே எதிரணியோடு மூன்று மேப் ஆடுவது திறமைக்கு நேர்மையான சோதனை என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு நாள் அரங்கு கிடைக்கட்டும்.

காலையில் மோதியவர்களையே மதியமும் மோதவிடுவது

எக்செல் தாளில் கையால் பிராக்கெட் வரைபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது. எட்டு அணிகளைத் தர வரிசைப்படி வைப்போம்: லாஸ்பேட்டை, கடலூர், நெய்வேலி, வில்லியனூர், சிதம்பரம், பண்ருட்டி, அரியாங்குப்பம், விழுப்புரம். முதல் அணி எட்டாவதோடும் நான்காவது ஐந்தாவதோடும் மேல் பாதியில் ஆடும். இரண்டாவது ஏழாவதோடும் மூன்றாவது ஆறாவதோடும் கீழ்ப் பாதியில் ஆடும். முதல் இரண்டு அணிகளும் அப்பர் இறுதிக்கு முன் சந்திக்காதபடி பிரிப்பதே இதன் நோக்கம். குலுக்கல் போட்டால் அந்தக் காப்பு போய்விடும்; மக்கள் பார்க்க வந்த ஆட்டம் காலை 10 மணிக்கே முடிந்துவிடலாம்.

எல்லாம் தர வரிசைப்படியே நடந்ததாகக் கொள்வோம். மேல் பாதியில் தோற்ற விழுப்புரமும் சிதம்பரமும் லோயரில் மோதி, சிதம்பரம் வெல்கிறது. கீழ்ப் பாதியில் தோற்ற அரியாங்குப்பமும் பண்ருட்டியும் மோதி, பண்ருட்டி வெல்கிறது. அதற்குள் அப்பர் இரண்டாம் சுற்றில் வில்லியனூர் லாஸ்பேட்டையிடமும் நெய்வேலி கடலூரிடமும் தோற்று இறங்குகின்றன. கோட்டை நேராக இழுத்தால் வில்லியனூர் சிதம்பரத்தோடு மோதும். இந்த இரண்டும் காலையில்தான் மோதின. காலையில் வென்ற வில்லியனூர் இப்போது தோற்றால் அது வெளியே. அதனிடமே தோற்ற சிதம்பரம் உள்ளே. சண்டைக்கு வேறு காரணம் வேண்டுமா?

கோட்டைக் குறுக்கே இழுக்க வேண்டும். மேல் பாதியிலிருந்து இறங்கும் வில்லியனூர் கீழ்ப் பாதியின் பண்ருட்டியோடும், நெய்வேலி சிதம்பரத்தோடும் ஆடினால் நான்கு அணிகளுக்கும் எதிராளி புதியவர். Challonge, start.gg போன்ற தளங்கள் இதைத் தாமாகவே செய்துவிடும். அங்கே போட்ட பிராக்கெட்டை அழகான போஸ்டராக மாற்றும்போது வடிவமைப்பாளர் கோட்டை நேராக்கிவிடுவதும் நடக்கிறது. போஸ்டரை அச்சுக்கு அனுப்பும் முன் இந்த ஓர் இடத்தை மட்டுமாவது ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசிக் கட்டங்களில் மறுமோதலை முழுவதும் தவிர்க்க முடியாது; அது இந்த முறையின் இயல்பு.

இறுதி ஆட்டத்தின் விதியை எழுதாமல் விடுவது

அப்பர் இறுதியில் லாஸ்பேட்டை கடலூரை வென்றுவிட்டது. கடலூர் கீழே இறங்கி, லோயர் இறுதியை வென்று, மாபெரும் இறுதியில் லாஸ்பேட்டையை வீழ்த்துகிறது. இப்போது இரு அணிகளுக்கும் தலா ஒரு தோல்வி. 'இரண்டு தோல்விக்குத்தானே வெளியேற்றம்' என்று லாஸ்பேட்டை கேட்டால் அமைப்பாளர் என்ன சொல்வார்?

உலகத் தொடர்களே இதற்கு ஒரே பதிலைத் தருவதில்லை. சண்டை விளையாட்டுகளின் பெரிய தொடரான ஈவோவில், லோயரிலிருந்து வந்தவர் வென்றால் இறுதி ஆட்டம் மறுபடி நடக்கும். இதை ரீசெட் என்பார்கள். 2009 ஈவோவின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 இறுதியில் ஜஸ்டின் வோங் அப்படி ரீசெட் செய்தார். இரண்டாவது மோதலில் டைகோ உமெஹாரா கோப்பையை வென்றார். டோட்டா 2 விளையாட்டின் தி இன்டர்நேஷனலில் ரீசெட் கிடையாது. 2021இல் லோயர் பிராக்கெட் வழியே வந்த டீம் ஸ்பிரிட், அப்பரில் தோல்வியே காணாமல் வந்த பிஎஸ்ஜி.எல்ஜிடியை 3-2 என வென்று சாம்பியன் ஆனது. எல்ஜிடி அந்த பிராக்கெட்டில் தோற்றது அந்த ஒரு முறைதான். வேலரண்டின் பெரிய தொடர்களில் நடுவழி: ரீசெட் இல்லை, ஆனால் அப்பர் வழியே வந்த அணிக்கு மேப்களை விலக்குவதில் கூடுதல் உரிமை.

சண்டை விளையாட்டில் ஒரு மோதல் சில நிமிடங்களில் முடிவதால் ரீசெட் அங்கே பொருந்துகிறது. நம் லாஸ்பேட்டைக் கணக்கில் ரீசெட் வந்தால் இரவு 9.30 நள்ளிரவு 12 ஆகும். எனவே மூன்று மேப் ஆட்டங்களுக்கு மேப் உரிமை போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பதிவுக் கட்டணம் வாங்கும் முன்பே விதித்தாளில் ஒரு வரி இருக்க வேண்டும். தளத்தின் அமைப்பிலும் அதே விதியைத் தேர்ந்தெடுங்கள். தாள் ஒன்று சொல்லி, திரை இரண்டாவது இறுதி ஆட்டத்தைக் காட்டினால் வீரர்கள் திரையைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள்.

மூன்றாம் பரிசுக்குத் தனி ஆட்டம் வைப்பது இதே வகைத் தவறு. சிங்கிள் எலிமினேஷனில் அரையிறுதியில் தோற்ற இருவரைப் பிரிக்க அது தேவை. டபுள் எலிமினேஷனில் லோயர் இறுதியில் தோற்பவரே மூன்றாமவர்.

வராத அணியும் தவறான இடத்தில் தரும் பையும்

11 அணிகள் பதிவு செய்தால், சுற்றுக்குச் சுற்று ஒற்றையாக மிஞ்சும் அணிக்கு, ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போகும் 'பை' கொடுத்துக்கொண்டே போவது நம் ஊர் வழக்கம். 11 அணி 6 ஆகும், 6 அணி 3 ஆகும். அந்த மூன்றில் ஒன்று பை பெற்று அரையிறுதி ஆடாமலேயே இறுதிக்குப் போய்விடும். எல்லா பையையும் முதல் சுற்றிலேயே தீர்த்துவிட வேண்டும். 11க்கு அடுத்த இரண்டின் அடுக்கு 16, வித்தியாசம் 5. தர வரிசையில் முதல் 5 அணிகளுக்கு பை. மற்ற 6 அணிகள் 3 ஆட்டம் ஆடினால் அடுத்த சுற்றுக்குச் சரியாக 8 பேர்.

பிஜிஎம்ஐ பேட்டில் ராயலுக்கு பிராக்கெட்டே வேண்டாம். ஒரே மேப்பில் பல அணிகள் இறங்கும் ஆட்டத்துக்கு இடமும் கில்லும் சேர்ந்த புள்ளிப் பட்டியல்தான் சரி. ஃப்ரீ ஃபயரின் கிளாஷ் ஸ்குவாட் போல நேருக்கு நேர் மோதும் வகைக்கு பிராக்கெட் பொருந்தும்.

வராத அணி டபுள் எலிமினேஷனில் இரட்டைத் தொல்லை. அப்பரில் வாக்ஓவர் கொடுத்த அணியின் பெயர் தானாகவே லோயருக்கு இறங்கி, அங்கே இன்னோர் அணியையும் காக்க வைக்கும். அடுத்தடுத்த ஆட்டங்களில் இப்படி இரண்டு அணிகள் வராமல் போனால், லோயர் முதல் சுற்றில் ஆளில்லாத இரண்டு பெயர்கள் மோதும். அதற்கடுத்த சுற்றில் ஒருவருக்கு இலவச வெற்றி கிடைக்கும். இதற்கு வழி, வருகைப் பதிவை 9.30க்கு மூடிவிட்டு, அரங்கில் இருக்கும் அணிகளை மட்டும் வைத்து பிராக்கெட்டை உருவாக்குவது. முந்தைய இரவே வாட்ஸ்அப்பில் பிராக்கெட்டைப் பகிர வேண்டிய கட்டாயம் இருந்தால், காலையில் அது மாறலாம் என்பதையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள். முதல் ஆட்டம் தொடங்கிய பிறகு வந்து சேரும் அணிக்கு, அது எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும், இடமில்லை.